கபேக்கு மா, பால், சீனி: சப்ளையருக்கு அனுப்புற உறுதிக் கடிதத்தில் என்னென்ன இருக்க வேணும்?

மீன்மகள் (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். கல்லடியில் கடற்கரைக்குப் போற பாதையில் சின்னக் கபே. மா, பால், சீனி மூன்றையும் ஒரே சப்ளையர் தரச் சம்மதிச்சிருக்கிறார். மாவும் சீனியும் காத்தான்குடிக் கடையிலிருந்து வரும். பால் செங்கலடிப் பக்கம் சேகரிக்கிற பசுப்பால், கானில் வரும். அளவை எழுத்தில் உறுதிப்படுத்திக் கடிதம் கேட்கிறார். நான் எழுதினது இதுதான்:

"மதிப்பிற்குரிய ஐயா, எமது கபேக்குக் கிழமைக்கு ஏறத்தாழ 700 வாடிக்கையாளரை எதிர்பார்க்கிறோம். அதன்படி கிழமைதோறும் கோதுமை மா 1 மூடை, பால் 50 லீற்றர், சீனி 10 கிலோ தேவைப்படும். தயவுசெய்து உறுதிப்படுத்தவும். நன்றி."

இது போதுமா? ஏதும் விடுபட்டிருக்கா?

கணக்குப்புள்ள

கடிதம் நல்லாத்தான் இருக்கு தங்கச்சி. சுருக்கமா இருந்தாத்தான் அவங்க வாசிப்பாங்க. ஒண்டு மட்டும் மாத்துங்க, மூன்றுக்கும் 20 வீதம் கூட்டிப் போடுங்க. 60 லீற்றர் பால், 12 கிலோ சீனி. கடையில் சாமான் இல்லையெண்டு வந்த ஆளைத் திருப்பி அனுப்புறதை விட மிஞ்சுறது நல்லம்.

போறணை

கணக்குப்புள்ள சொல்றது சீனிக்குச் சரி, பாலுக்குச் சரியில்லை. மிஞ்சின சீனி அடுத்த கிழமையும் சீனிதான். மிஞ்சின பால் அடுத்த நாளே பிரச்சினை.

இந்தக் கடிதத்தில் எனக்கு இரண்டு இடம் இடறுது. முதலாவது "1 மூடை". மா 50 கிலோ மூடையிலும் வருது, 25 கிலோ மூடையிலும் வருது. நீங்க 25 நினைச்சு எழுத, லொறியில் 50 வந்து இறங்கினால் சப்ளையரில் பிழை சொல்ல ஏலாது. மூடையெண்டு எழுதினீங்க, மூடைதான் வந்தது. கிலோவை எழுதுங்க, மூடையின் எண்ணிக்கை அதுக்குப் பிறகு.

இரண்டாவது, "கிழமைக்கு 50 லீற்றர்". இதை வாசிக்கிற சப்ளையர் திங்கள் 25, வியாழன் 25 எண்டு கொண்டுவந்து இறக்கினாலும் கடிதப்படி அவர் செய்தது சரி. ஆனா திங்கள் வந்த பால் புதன் பின்னேரம் என்ன நிலையில் இருக்கும்? பாலைக் கிழமைக் கணக்கில் எழுதவே கூடாது. நாளுக்கு எவ்வளவு, எத்தனை மணிக்கு எண்டு எழுத வேணும்.

அதுக்கு முதல் ஒரு கேள்வி. அந்த 700 எங்கேயிருந்து வந்தது? பில்லின் எண்ணிக்கையா, ஆளின் எண்ணிக்கையா? நாலு பேர் வந்து ஒரு பில் போட்டால் அது ஒண்டா நாலா? எந்த நாளில் எத்தனை பேர், 100 பேர் வந்தால் எத்தனை கோப்பை பால் தேத்தண்ணி, எத்தனை பணிஸ் போகுது எண்டு பழைய பில்லைப் பார்த்துச் சொல்லுங்க. அது இல்லாமல் 50 லீற்றர் கூடவா குறையவா எண்டு யாராலும் சொல்ல ஏலாது.

முகத்துவாரம்

சப்ளையர் விலையைக் கூட்டினால் அதுக்கு எதிராக் கடிதம் எழுதுறது எப்படியெண்டுதானே கேட்கிறீங்க? முதல் கடிதத்திலேயே கடுமையா எழுதக்கூடாது. பழைய பில் பிரதிகளை இணைச்சு...

மீன்மகள்

முகத்துவாரம் அண்ணன், விலைப் பிரச்சினை ஒண்டும் இன்னும் வரல்ல. இது அளவை உறுதிப்படுத்துற கடிதம் மட்டும்.

போறணை அண்ணன், நீங்க கேட்டது. ஆள் கணக்குத்தான், மேசையில் இருக்கிறவங்களை எண்ணினது. திங்கள் முதல் வியாழன் வரை நாளுக்கு 80 பேர். வெள்ளி 90. சனி 140. ஞாயிறு 150. கூட்டினால் 700.

100 பேர் வந்தால் சராசரியா 50 பால் தேத்தண்ணி, 15 கப்புச்சினோ மாதிரிப் பால் கோப்பி, 20 பிளேன்டீ போகும். மிச்சப் பேர் சோடா, ஜூஸ், அல்லது ஒண்டும் குடிக்கிறதில்லை. சாப்பாட்டில் 40 பணிஸ், 30 ரோல்ஸ், 15 துண்டு பட்டர் கேக். எல்லாம் நாங்களே செய்றது.

போறணை

இப்ப கணக்குப் பார்க்கலாம். 100 பேருக்குப் போட்டுட்டு, பிறகு ஆள் தொகையால் பெருக்குறதுதான் லேசு.

பாலில் தொடங்குவம். பால் தேத்தண்ணிக்குக் கோப்பைக்கு 80 மில்லிலீற்றர் எண்டால் 50 கோப்பைக்கு 4 லீற்றர். பால் கோப்பிக்கு 160 மில்லிலீற்றர் எண்டால் 15 கோப்பைக்கு 2.4 லீற்றர். இரண்டும் சேர்த்து 6.4. கானில் வர்றது காய்ச்சாத பால், அதைக் காய்ச்சியே ஆக வேணும். காய்ச்சும்போது ஆவியாப் போறது, ஆடையா ஒட்டுறது, நுரையடிச்ச பிறகு குவளையில் மிஞ்சி ஊத்துறது எல்லாம் சேர்த்துக் கிட்டத்தட்டப் பத்தில் ஒரு பங்கு போகும். ஆகவே 100 பேருக்கு 7 லீற்றர் எண்டு பிடிங்க.

அப்ப 80 பேர் வர்ற நாளுக்கு 5.6, வெள்ளி 6.3, சனி 9.8, ஞாயிறு 10.5. மொத்தம் 49. நீங்க எழுதின 50 மொத்தமாப் பார்த்தால் சரிதான். ஆனா அதை ஏழால் பிரிச்சு நாளுக்கு 7 லீற்றர் எண்டு எடுத்திருந்தால், திங்கள் முதல் வியாழன் வரை தினமும் ஒண்டரை லீற்றர் மிஞ்சும், ஞாயிறு மூன்றரை லீற்றர் குறையும். கிழமை மொத்தம் பிசகாமல் இருக்கும், கடையில் தினமும் பிசகும். கடிதத்தில் திங்கள் முதல் வியாழன் வரை 6, வெள்ளி 7, சனி 10, ஞாயிறு 11 எண்டு போடுங்க. கூட்டினால் 52. மிகைக்கு இது காணும்.

மா. பணிசுக்கு ஒரு கிலோ மா குழைச்சால், தண்ணி சீனி எல்லாம் சேர்ந்து ஒண்டேமுக்கால் கிலோ அளவில் வரும். 80 கிராம் உருண்டையாப் பிடிச்சால் 22 பணிஸ். அதாவது பணிஸ் ஒண்டுக்கு 45 கிராம் மா, 40 பணிசுக்கு 1.8 கிலோ. ரோல்ஸ் ஒண்டுக்கு 30 கிராம் எண்டால் 0.9. கேக் துண்டுக்கு 20 கிராம் எண்டால் 0.3. மொத்தம் 3 கிலோ. மேசையில் தூவுறது, கருகிறது, பிழைச்சுப் போறது எண்டு நூற்றுக்கு ஐஞ்சு கூட்டினால் 3.15. 700 பேருக்கு 22 கிலோ.

25 கிலோ மூடை ஒண்டு போதும், கிழமைக்கு 3 கிலோ அளவில் மிஞ்சும். எட்டுக் கிழமை போனால் மிஞ்சினது கிட்டத்தட்ட 24 கிலோ, அதாவது ஒரு கிழமைப் பாவனை. ஒன்பதாவது கிழமை மா வேண்டாமெண்டு கடிதத்திலேயே எழுதிடுங்க. இல்லாட்டி லொறி வழக்கம்போல இறக்கிட்டுப் போகும், மூலையில் கிடக்கிற பழைய மூடையில் வண்டு விழும். பிறகு வண்டு புது மூடைக்கும் போகும். 50 கிலோ மூடையா வந்திருந்தால் இந்த நிலைமை இரண்டாவது கிழமையே வந்திருக்கும்.

சீனி. 85 கோப்பைக்கு, கோப்பைக்கு 10 கிராம் எண்டால் 850 கிராம். பணிசுக்கு மாவின் நிறையில் நூற்றுக்குப் பதினைஞ்சு, 270 கிராம். கேக்குக்கு மாவும் சீனியும் சரிக்குச் சரி, 300 கிராம். மொத்தம் 1.42 கிலோ, ஏழால் பெருக்கினால் 10 கிலோ. உங்கட கணக்கு அப்படியே சரி. முதல் கிழமை மட்டும் 5 கிலோ கூட எடுத்து வாளியில் மூடி வையுங்க, பிறகு கிழமைக்கு 10. மாரியில் சீனி ஈரம் பிடிச்சுக் கட்டியாகும், அதனால் மூடையாக் குவிக்க வேண்டாம்.

கணக்குப்புள்ள

நல்ல கணக்கு, ஒத்துக்கொள்றன். ஆனா ஞாயிறு 150 பேர் எண்டு பார்த்து 200 வந்தால்? 11 லீற்றர் 157 பேருக்குத்தான் காணும். அதுக்குத்தான் நான் 20 வீதம் சொன்னது. மிஞ்சினால் தயிர் போடலாம்தானே, மட்டக்களப்பில் தயிர் விக்காதா?

போறணை

மிஞ்சிறதைத் தயிராக்கலாம் எண்டு பாலைக் கூட எடுக்கிறது கபே விலைக்குப் பால் வாங்கித் தயிர் விலைக்கு விக்கிறது. இங்க ஆக்கள் தேடுறது எருமைத் தயிர், சட்டியில் கத்தியால் வெட்டுற மாதிரி இருக்கிறது. பசுப்பால் தயிர் அந்தக் கட்டிக்கு வராது.

திடீர்க் கூட்டத்துக்குக் கையிருப்பு பால்மா. ஒரு லீற்றர் பாலுக்கு 130 கிராம் பால்மா போகும். 400 கிராம் பக்கற் ஒண்டு மூன்று லீற்றர். இரண்டு பக்கற் அலுமாரியில் இருந்தால் ஒரு சாதாரண நாளின் பால் முழுக்கக் கையில் இருக்கு, மாசக்கணக்கில் கெடாது. பால் தேத்தண்ணிக்கு அதையே போடுங்க, கானில் வந்த பாலைக் கோப்பிக்கு வையுங்க. பால்மாவை இளஞ்சூட்டுத் தண்ணியில் கட்டியில்லாமல் கரைச்சு, குளிர வைச்ச பிறகுதான் நுரையடிக்க ஏலும். அவசரத்தில் கரைச்சு உடனே அடிச்சால் மணல் மாதிரி நிக்கும். பால்மாவையும் அதே கடிதத்தில் போடலாம், "கேட்கும்போது மட்டும்" எண்டு.

மொத்தக்கடை

நான் சாமான் கொடுக்கிற பக்கம். கபேக்காரங்க கடிதத்தில் எங்களுக்கு என்ன வேணுமெண்டும் கொஞ்சம் கேளுங்க.

மாடு ஞாயிற்றுக்கிழமைக்கு எண்டு கூடக் கறக்காது. 11 லீற்றர் உங்களுக்குத் தர்றதெண்டால் வேற ஒரு கடைக்குக் குறைக்க வேணும், அல்லது இன்னொரு பால்காரரிட்டப் பேச வேணும். திங்கள் 6 எண்டால் மிச்சத்தை எங்க விக்கிறது எண்டு பார்க்க வேணும். விடியக் கறக்கிற பாலுக்கு முதல் நாள் பின்னேரமே கணக்கு முடிஞ்சிடும். காலையில் 5 மணிக்கு "இண்டைக்கு 4 லீற்றர் போதும்" எண்டு வட்ஸ்அப் போட்டால், அந்த 2 லீற்றர் எங்கட தலையில்.

ஆகவே கடிதத்தில் மூன்று இருக்க வேணும். மாத்தம் சொல்ற கடைசி நேரம். ஒரு நாளைக்கு ஆகக் குறைஞ்சது எத்தனை லீற்றர் எண்டது, அதுக்குக் கீழ போனாலும் அதுக்குக் காசு. அதோட ஆகக் கூடினது எத்தனை, அதுக்கு மேல கேட்டால் நாங்க இருந்தால் தருவம், இல்லாட்டி இல்லை. இது எழுதின கடைக்கு நாங்க ஒழுங்காப் பால் ஒதுக்குவம். எழுதாத கடைக்கு மிஞ்சினதுதான் போகும், சொன்னால் கோவிப்பாங்க.

இன்னொண்டு தங்கச்சி. காத்தான்குடியில் வெள்ளி மத்தியானம் கடை பூட்டு. ஜும்மாவுக்குப் பிறகு லொறி எப்ப கிளம்பும் எண்டு உறுதி சொல்ல மாட்டம். மாவும் சீனியும் வியாழனுக்கு முதல் எடுங்க, சனி ஞாயிறு வேலைக்கு வெள்ளி வர்ற சாமானை நம்பி இருக்காதீங்க.

மீன்மகள்

காக்கா, குறைஞ்சது கூடினது எண்டு போட்டால் என்ன இடைவெளி வைக்கலாம்?

மொத்தக்கடை

சொன்ன அளவில் 2 லீற்றர் கீழேயும் 2 லீற்றர் மேலேயும் எண்டால் எங்களுக்குச் சமாளிக்கலாம். 6 எண்டால் 4 முதல் 8 வரை. சனி ஞாயிறு வேணுமெண்டால் 3 வையுங்க. அதுக்கு மேல இடைவெளி வைச்சால் அது உறுதிக் கடிதமில்லை, விரும்பினால் எடுப்பன் எண்ட கடிதம்.

பொத்துவில்_அலை

எங்கட பக்கம் இந்த ஒரே அட்டவணை வேலை செய்யாது. அறுகம்பையில் மே முதல் செப்ரெம்பர் வரை அலை விளையாட வர்ற வெளிநாட்டுக்காரங்க, அதுக்குப் பிறகு கடை பாதி பூட்டு. காலை 7 மணிக்கே கோப்பி, அதிலயும் பாதிப் பேர் பாலில்லாத கோப்பி. மா முழுக்க பான்கேக்கும் பீட்சாவும். சீனி தேத்தண்ணிக்குப் போறதே இல்லை எண்டு சொல்லலாம். எங்களுக்கு சீசன் அட்டவணை ஒண்டு, சீசனில்லாத அட்டவணை ஒண்டு, எந்தத் திகதியில் மாறும் எண்டும் அதே கடிதத்தில் வேணும். கல்லடிக்கு இது பொருந்தாது எண்டு தெரியும், ஆனா 100 பேருக்கு 7 லீற்றர் எண்டதை அப்படியே எடுத்துக்கொண்டு போய் எங்க பக்கம் யாரும் கடிதம் எழுதிடக் கூடாது எண்டுதான் சொல்றன். உங்கட கடையில் குடிக்கிறது என்னவோ அதுதான் கணக்கு.

போறணை

மெத்தச் சரி. அந்த 7 லீற்றர் மீன்மகளின் பில்லுக்கு உரியது.

கல்லடிக்கும் இரண்டு அட்டவணை தேவைப்படும், ஆனா சீசனால் இல்லை, லீவு நாளால். போயா புதன்கிழமை வந்தால் அது புதனில்லை, ஞாயிறு. பின்னேரம் கடற்கரை நிரம்பும். பொது லீவுகளும் அப்படித்தான். ஆடி அமாவாசைக்கு மாமாங்கத் தீர்த்தத்துக்கு வெளியூர்ச் சனம் வரும், அந்தக் கிழமை முழுக்கத் தனிக் கணக்கு. "லீவு நாளில் ஞாயிறு அளவு" எண்டு ஒரு வரி போட்டால் ஒவ்வொரு போயாவுக்கும் தனியா அறிவிக்கத் தேவையில்லை. மறு பக்கம், கார்த்திகை, மார்கழி மழையில் கடற்கரைக்கு ஆக்கள் வராது. ஞாயிறும் திங்கள் மாதிரித்தான். நவம்பரில் தொடங்கி ஜனவரி முடியும் வரை சனி ஞாயிறு அளவைக் குறைச்சு வேறயா எழுதுங்க.

மீன்மகள்

எல்லாரும் சொன்னதை வைச்சுத் திரும்ப எழுதியிருக்கிறன். பார்த்துச் சொல்லுங்க.

"பொருள்: கோதுமை மா, பால், சீனி ஆகியவற்றின் கிழமை அளவு உறுதிப்படுத்தல்

மதிப்பிற்குரிய ஐயா,

நாம் நேரில் பேசியதற்கமைய, எமது கபேக்குத் தேவையான அளவுகளைக் கீழே உறுதிப்படுத்துகிறேன். கிழமைக்கு 700 வாடிக்கையாளர் வருவர் என்ற எதிர்பார்ப்பில் இவை கணக்கிடப்பட்டன.

பால், தினமும் காலை 6.30 மணிக்கு முன், எமது கபே வாசலில்: திங்கள் முதல் வியாழன் வரை நாளொன்றுக்கு 6 லீற்றர். வெள்ளி 7 லீற்றர். சனி 10 லீற்றர். ஞாயிறு 11 லீற்றர். போயா உட்படப் பொது விடுமுறை நாட்களில் ஞாயிறு அளவு. கிழமைக்கு மொத்தம் 52 லீற்றர்.

அளவில் மாற்றம் இருந்தால் முதல் நாள் மாலை 4 மணிக்கு முன் வட்ஸ்அப்பில் அறிவிப்போம். திங்கள் முதல் வெள்ளி வரை 2 லீற்றரும், சனி, ஞாயிறு மற்றும் விடுமுறை நாட்களில் 3 லீற்றரும் கூடவோ குறையவோ கேட்கலாம். அதற்குக் கீழே குறைத்தால் குறைந்தபட்ச அளவுக்குரிய பணத்தைச் செலுத்துவோம்.

கோதுமை மா: 25 கிலோ மூடை 1, ஒவ்வொரு செவ்வாயும். ஒன்பதாவது கிழமை தேவையில்லை.

சீனி: 10 கிலோ, ஒவ்வொரு செவ்வாயும். முதல் கிழமை மட்டும் 15 கிலோ.

முழு ஆடைப் பால்மா, 400 கிராம் பக்கற்: கேட்கும்போது மட்டும்.

நவம்பர் முதல் ஜனவரி வரையான அளவை ஒக்டோபர் கடைசிக் கிழமையில் தனியாக அறிவிப்போம்.

இந்த அளவுகள் உங்களுக்குச் சம்மதமெனில் பிரதியில் ஒப்பமிட்டுத் திருப்பித் தரவும்.

இங்ஙனம்,
உரிமையாளர்"

கணக்குப்புள்ள

இப்ப இது கடிதம். என்ட பழைய 20 வீதத்தை வாபஸ் வாங்குறன், பாலுக்கு மட்டும்.

ஆனா ஒரு ஆள் சப்ளையருக்கு "700 வாடிக்கையாளர்" எண்டு எதுக்குச் சொல்ல வேணும்? அவர் இன்னும் நாலு கபேக்குப் பால் கொடுப்பார். உங்கட கடையில் சனி 140 பேர் எண்டது பக்கத்துக் கடைக்குத் தெரிஞ்சிடும். அந்த வரியை வெட்டுங்க.

போறணை

நான் வைக்கச் சொல்லுவன். நாளைக்கு 700 போய் 900 ஆனால், கடிதத்தைத் திரும்ப எழுதத் தேவையில்லை, "900 பேர் கணக்கு" எண்டு ஒரு வரி போதும். சப்ளையருக்கும் இது எதனால் கூடுது எண்டு விளங்கும். திடீரென்று 52 போய் 67 ஆனால் அவர் பயப்படுவார், கடன் பாக்கி வைக்கப் போறாங்களோ எண்டு.

மொத்தக்கடை

எங்களுக்கு ஆள் கணக்குத் தேவையில்லை, லீற்றர் கணக்குத்தான் தேவை. 52 லீற்றர் பால் எடுக்கிற கடைக்கு எத்தனை பேர் வருவாங்க எண்டு கடிதம் சொல்லாமலே எங்களுக்குத் தெரியும்.

மீன்மகள்

சிரிச்சிட்டன் காக்கா. இப்போதைக்கு வைச்சிருக்கிறன், யோசிக்கிறன்.

போறணை

கடிதத்தில் ஒண்டு விடுபட்டிருக்கு, அது பெரிசு: பால் எந்த நிலையில் வந்தால் ஏற்றுக்கொள்வீங்க எண்டது. 6 லீற்றர் வந்தது, ஆனா காய்ச்சத் திரைஞ்சுது எண்டால் அது வந்த கணக்கா வராத கணக்கா?

வாசலில் இரண்டு சோதனை போதும், இரண்டும் ஐஞ்சு நிமிசம். முதலாவது நிறை. பசுப்பால் தண்ணியை விடக் கொஞ்சம் பாரம், ஒரு லீற்றர் 1.03 கிலோ. 6 லீற்றர் எண்டால் 6.2 கிலோ அளவில் நிக்க வேணும். வெறுங்கானை ஒருக்கா நிறுத்து, அந்த நிறையைக் கானிலேயே எழுதி வையுங்க. பிறகு கானோட தராசில் வைச்சுக் கழிச்சால் முடிஞ்சுது. இதிலே இன்னொரு சிக்கலும் இருக்கு. சில பேர் பாலைக் கிலோவில் விக்கிறாங்க, சில பேர் லீற்றரில். 52 லீற்றர் எண்டு நீங்க எழுத, அவர் 52 கிலோ தந்தால் கிழமைக்கு ஒண்டரை லீற்றர் குறையும். ஆகவே லீற்றர் எண்டு மட்டும் எழுதாமல் "லீற்றர், 1.03 கிலோ வீதம் நிறுத்து" எண்டு எழுதுங்க.

இரண்டாவது காய்ச்சிப் பார்க்கிறது. கானைக் கலக்கிட்டு, இரண்டு மேசைக்கரண்டிப் பாலைச் சின்னக் கிண்ணத்தில் கொதிக்க வையுங்க. புளிப்பேறத் தொடங்கின பால் பார்வைக்கும் மணத்துக்கும் நல்லாத்தான் இருக்கும், சூடு பட்டவுடன் சின்னச் சின்னத் திரையாப் பிரியும். பிரிஞ்சால் இறக்க வேண்டாம், அப்பவே திருப்பி அனுப்புங்க. ஆறு லீற்றரையும் சட்டியில் ஊத்திக் காய்ச்சின பிறகு கண்டுபிடிச்சால் யாரில் பிழை எண்டு யாரும் ஒத்துக்கொள்ள மாட்டாங்க.

முகத்துவாரம்

லக்டோமீற்றர் வாங்கினால் தண்ணி கலந்திருக்கா எண்டும் பார்க்கலாமே. நிறையில் அது தெரியாதுதானே.

போறணை

வாங்கலாம். ஆனா அதை நம்பி மட்டும் சண்டை பிடிக்க வேண்டாம். கருவியில் எந்த வெப்பநிலைக்கு எண்டு எழுதியிருக்கும், அதை விடப் பால் சூடா இருந்தால் அளவு குறைச்சுக் காட்டும், நல்ல பாலும் தண்ணிப் பால் மாதிரித் தெரியும். விடிய வந்த பாலின் சூடும் கல்லடி வெயிலும் சேர்ந்தால் அந்தப் பிழை வரும். மறு பக்கம், ஆடையை எடுத்திட்டுத் தண்ணி கலந்தால் அளவு சரியாவே காட்டும். ஆடை எடுத்தால் பால் பாரமாகும், தண்ணி ஊத்தினால் பாரம் குறையும், இரண்டும் ஒண்டையொண்டு மறைச்சிடும். நாளாந்தம் அதே நேரம், அதே சூட்டில் பார்த்து எழுதிக்கொண்டு வந்தால், ஒரு நாள் சட்டெண்டு விழுறது தெரியும். அப்ப சப்ளையரிட்டக் கேட்கலாம்.

மொத்தக்கடை

திருப்பி அனுப்புறதைப் பற்றி எழுதினால் நேரத்தையும் எழுதுங்க. 6.30க்கு நாங்க தந்த பால் 6.45க்குள் திரைஞ்சுது எண்டால் எங்கட பிழை, ஒத்துக்கொள்றம். 10 மணிக்கு அழைச்சு "கெட்டுப்போச்சு" எண்டால், அது உங்கட பிரிட்ஜா எங்கட கானா எண்டு யார் சொல்றது?

போறணை

நியாயம். 15 நிமிசம் எண்டு எழுதலாம். மீன்மகள், அதுக்குப் பிறகு உங்கட பொறுப்பு. காய்ச்சின பாலை அப்படியே பெரிய சட்டியோட வீட்டுப் பிரிட்ஜில் வைச்சால் நடுவில் இருக்கிற பால் கனநேரம் சூடாவே நிக்கும், பக்கத்தில் இருக்கிற சாமானையும் சூடாக்கும். இரண்டு லீற்றர் கொள்ற எவர்சில்வர்ப் பாத்திரங்களாப் பிரிச்சு, ஐஸ் தண்ணி நிரப்பின தொட்டியில் வைச்சுக் கலக்கி ஆற விட்டு, பிறகு உள்ளே வையுங்க. நுரையடிக்கிற பாலுக்கும் அந்தக் குளிர் வேணும், சூடான பாலில் நுரை நிக்காது. சனி ஞாயிறு 10, 11 லீற்றருக்கு அத்தனை பாத்திரம், அத்தனை இடம் பிரிட்ஜில் இருக்கா எண்டு கடிதத்தை அனுப்ப முதல் ஒருக்காப் பாருங்க. இடமில்லாட்டி ஞாயிறு 6 காலையும் 5 பின்னேரமும் எண்டு இரண்டாப் பிரிச்சுக் கேட்க வேண்டி வரும்.

மொத்தக்கடை

பின்னேரப் பாலுக்கு இன்னொரு ஓட்டம், அதுக்கு எரிபொருள் காசு தனி. அது கடிதத்தில் வரட்டும், பிறகு வாயால் சொன்னது எண்டு சொல்ல வேண்டாம்.

மீன்மகள்

பிரிட்ஜை இப்பத்தான் அளந்து பார்த்தன். இரண்டு லீற்றர்ப் பாத்திரம் நாலுதான் போகும், அதுவும் கேக்கை வெளியே எடுத்தால். அப்ப சனிக்கும் ஞாயிறுக்கும் பின்னேர ஓட்டம் கேட்கிறதா, இரண்டாவது பிரிட்ஜ் வாங்குறதா எண்டு பார்க்க வேணும். கடிதத்தில் சேர்த்தது இரண்டு வரி:

"பால் லீற்றர் அளவு, 1.03 கிலோ வீதம் எமது தராசில் நிறுத்து ஏற்றுக்கொள்ளப்படும். கொதிக்க வைத்துத் திரைந்தால், இறக்கிய 15 நிமிடத்துக்குள் அறிவித்துத் திருப்பி அனுப்புவோம், அதற்குப் பணம் செலுத்தப்படாது."

இது பாலுக்கு எழுதினது. மாவுக்கும் சீனிக்கும் இப்படி ஒரு வரி வேணுமா?

பொத்துவில்_அலை

மாவுக்கு ஒரே ஒண்டு. மூடையின் தையல் பிரிச்சுத் தைச்சிருந்தால் எடுக்காதீங்க, ஈரம் பட்ட கறை இருந்தாலும் எடுக்காதீங்க. உற்பத்தித் திகதியைப் பார்த்துப் புதுசைப் பின்னுக்கு வையுங்க, பழசை முதல் உடையுங்க.

கணக்குப்புள்ள

சீனிக்கு ஒண்டும் வேண்டாம். நிறுத்து எடுங்க, அவ்வளவுதான். அந்த 700 வரியை வெட்டினீங்களா?

மீன்மகள்

இன்னும் இல்லை.